நீயா, நீங்களா? ஏற்காட்டு வேனில் கதை சொல்லப் போகிறவருக்கு

ஏற்காடு அடிவாரத்திலிருந்து வேன் கிளம்புகிறது. முன் சீட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. நடுவில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. கடைசி வரிசையில் மூன்றாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை இவர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும். கதை கையில் இருக்கிறது, குரலும் இருக்கிறது. ஆனால் முதல் வாக்கியத்திலேயே வாய் தடுமாறும்: 'பாரு' என்பதா, 'பாருங்க' என்பதா?

நான் சேலத்தில் நூலகங்களிலும் பள்ளிகளிலும், சீசன் நாட்களில் மலைக்குப் போகிற வேன்களிலும் கதை சொல்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் கதையை நன்றாகவே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். அவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கேட்கிறவரின் வயதுக்கும் அவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவுக்கும் ஏற்றபடி முன்னிலையை அமைத்துக்கொள்வது எப்படி என்பதை, நான் செய்து பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

கூட்டம் வேறு, ஒருவர் வேறு

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. கூட்டத்தைப் பார்த்துப் பேசும்போது தமிழே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. 'நீங்கள்' என்பது மரியாதைக்கும் உண்டு, பன்மைக்கும் உண்டு. நான்கு பிள்ளைகளைப் பார்த்து 'நீங்கல்லாம் கேளுங்க' என்றால் அது வெறும் பன்மை, அதிக மரியாதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அதே 'கேளுங்க' முன் சீட்டுப் பெரியவர் காதில் விழும்போது மரியாதையாகவே விழுகிறது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிற வாக்கியங்களில் 'நீங்க' மட்டும்தான். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சிக்கல் வருவது, கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியாகப் பிரித்துப் பேசும் நொடியில். "அந்தக் குரங்கு என்ன பண்ணியிருக்கும், சொல்..." என்று ஒரு முகத்தைப் பார்த்து ஆரம்பிக்கிறீர்கள். அங்கே பன்மை கைவிட்டுவிடும். 'சொல்லு'வா, 'சொல்லுங்க'வா என்று அரை நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த அரை நொடியில் முடிவு செய்ய நினைத்தால் தவறும். வேன் கிளம்புவதற்கு முன்பே முகங்களைப் பார்த்து முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் வைத்திருக்கிற கணக்கு இது. ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்கு 'நீ', கூடவே ஒரு 'கண்ணு' அல்லது 'பாப்பா'. ஆறிலிருந்து பத்து வரை 'நீ'தான், ஆனால் வெறும் 'சொல்லு' இல்லை. 'சொல்லுப்பா', 'சொல்லும்மா' என்று ஒரு பா, மா சேர்க்க வேண்டும். அந்த வயதில் நண்பர்கள் முன்னால் ஒரு வெறும் ஏவல் சுருக்கென்று குத்தும். பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்துவிட்டால் 'நீங்க'. அதற்கு மேல் எல்லோருக்கும் 'நீங்க', உங்களை விட இளையவராக இருந்தாலும் சரி. தெரியாத ஒரு இருபது வயதுக்காரரைத் 'தம்பி' என்று கூப்பிடலாம், ஆனால் வினை 'வாங்க' என்றே முடியட்டும். 'தம்பி, இப்படி வாங்க' என்பது சேலத்தில் எந்தக் கடையிலும் காதில் விழுகிற பேச்சுதான்.

இந்தக் கணக்கு உங்கள் வயதையும் பொறுத்தது. நீங்களே இருபத்திரண்டு வயது என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையன் உங்களுக்குத் தம்பி முறைதான் வருவான், அவனுக்கு 'நீ' சரியாக இருக்கும். ஆனால் கல்லூரி மாணவர்கள் உங்கள் வயதுக்காரர்கள். முன்பின் தெரியாத ஒத்த வயதினருக்கு, அதுவும் எதிர்பாலினத்தவருக்கு, 'நீ' சொல்ல உங்களுக்கு இன்னும் உரிமை வரவில்லை. ஐம்பது வயதுக்காரர் சொன்னால் பாசமாகக் கேட்கிற அதே 'நீ', இருபத்திரண்டு வயதுக்காரர் வாயில் வேறு மாதிரிக் கேட்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. மலையில் காபி எஸ்டேட்டில் வேலை முடிந்து வருகிற பெரியவர்கள் சில நாள் கதை கேட்க வந்து நிற்பார்கள். அவர்களை 'நீ சொல்லுப்பா' என்று சின்னப் பையன்கள்கூடப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். உடுத்தியிருக்கிற துணியையும் செய்கிற வேலையையும் பார்த்து 'நீ', 'நீங்க' பிரிக்கிற பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கதை சொல்கிறவர் அதைத் தன் வாயில் ஏற்றிக்கொள்ளவே கூடாது. அறுபது வயதுக்கு 'நீங்க' என்றால் எந்த அறுபது வயதுக்கும் 'நீங்க'தான்.

மேலிருந்து கீழே இறங்கலாம், கீழிருந்து ஏற முடியாது

சந்தேகம் வந்தால் 'நீங்க'வில் தொடங்குங்கள். 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவது நெருக்கம் வந்ததன் அடையாளம். "அட, என்னைப் போய் நீங்க, வாங்கன்னு" என்று எதிராளியே சிரித்தபடி சொன்னால் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் 'நீ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'நீங்க'வுக்கு ஏறினால் அது கோபமாகவோ குத்தலாகவோதான் கேட்கும். நம் வீடுகளில் சண்டை வந்தால்தானே 'நீ' திடீரென்று 'நீங்க' ஆகிறது!

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இது தலைகீழ். எட்டு வயதுப் பிள்ளையிடம் 'நீங்க சொல்லுங்க' என்று ஆரம்பித்தால், அது பின்னால் திரும்பி யாரைக் கேட்கிறார்கள் என்று பார்க்கும். அதே சமயம், சேலத்திலிருந்து மேற்கே சங்ககிரி, எடப்பாடி பக்கம் போகப் போக, வீட்டுப் பிள்ளைகளையே 'வாங்க சாமி', 'சாப்பிடுங்க கண்ணு' என்று அழைக்கிற குடும்பங்கள் உண்டு. அப்படிப் பழகிய பிள்ளைக்கு அந்நியர் வாயிலிருந்து வரும் மொட்டையான 'வா' கொஞ்சம் அதட்டலாக இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். வேனில் ஏறும்போது அம்மா அந்தப் பிள்ளையை எப்படிக் கூப்பிடுகிறார் என்று காது கொடுங்கள். அவர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே நீங்களும் கூப்பிடலாம்.

பென்சிலை எடுங்கள்

இனி, சொல்லப் போகிற கதையைத் தாளில் எழுதி வைத்து வேலை செய்ய வேண்டும். பேசுகிறபடியே எழுதுங்கள். இலக்கண நடையில் எழுதி வைத்தால் சொல்லும்போது எங்கே எப்படி மாறும் என்று தெரியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த கதையின் தொடக்கம் இது:

"நீ அடிவாரத்துல பஸ் ஏறுற. ஜன்னல் ஓரமா உக்காரு. பாதி வளைவு தாண்டினதும் உன் காது அடைக்கும். எச்சில் முழுங்கு. அப்போ கீழ பாத்தீன்னா, சேலம் டவுனே தீப்பெட்டி அடுக்கி வெச்ச மாதிரி தெரியும்."

இதில் கேட்கிறவரைச் சுட்டுகிற இடம் ஒவ்வொன்றையும் அடிக்கோடிட வேண்டும். புதியவர்கள் 'நீ', 'உன்' இரண்டை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் ஆள் இருப்பது வினையின் வாலில்தான். 'நீ'யைத் தூக்கிவிட்டாலும் 'ஏறுற' என்ற சொல் 'நீ'யைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். 'உக்காரு', 'முழுங்கு' இரண்டும் ஏவல், அவற்றில் 'நீ' இன்னும் பலமாகவே இருக்கிறது. 'பாத்தீன்னா'வும் அப்படியே. ஆக இந்த ஐந்து வாக்கியத்தில் ஆறு இடம்: நீ, ஏறுற, உக்காரு, உன், முழுங்கு, பாத்தீன்னா.

ஆறில் மிகவும் ஆபத்தானது எது என்று கேட்டால், கடைசியைச் சொல்வேன். மற்ற ஐந்தும் கதையின் சொற்கள், பழகப் பழக வாய் அவற்றைச் சரியாகச் சொல்லும். 'பாத்தீன்னா', 'பாத்தியா', 'கேளேன்' போன்றவை கதைக்குத் தேவைப்படாத நிரப்புச் சொற்கள். அவை யோசிக்காமல் தானாக வாயில் வருகிறவை. பெரியவர்கள் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் அழகாக 'நீங்க' என்று பேசிவிட்டு, ஒரே ஒரு 'பாத்தியா' விட்டவர்களை எனக்குத் தெரியும். கேட்டவர்களுக்கு அந்த ஒன்றுதான் நினைவில் நின்றது.

அதே போல அடிக்கோடு தேவைப்படாத சொற்களையும் கவனியுங்கள். 'அடைக்கும்', 'தெரியும்' இரண்டும் கேட்கிறவர் யாராக இருந்தாலும் மாறாது. காதுதான் அடைக்கிறது, ஊர்தான் தெரிகிறது. இந்த இரண்டும் அடுத்த படிக்கு நமக்குக் கைகொடுக்கப் போகின்றன.

மாற்றி எழுதுவது

பெரியவர்களுக்காக மாற்றும்போது, ஆறு இடத்திலும் 'ங்க' ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். செய்து பாருங்கள்: "நீங்க அடிவாரத்துல பஸ் ஏறுறீங்க. ஜன்னல் ஓரமா உக்காருங்க. பாதி வளைவு தாண்டினதும் உங்க காது அடைக்கும். எச்சில் முழுங்குங்க." மரியாதை இருக்கிறது, ஆனால் மருத்துவமனையில் நோயாளிக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. 'உங்க காது', 'எச்சில் முழுங்குங்க' என்று உடம்பைப் பற்றி ஒரு பெரியவருக்கு ஏவல் போடுவது, 'ங்க' ஒட்டினாலும் உறுத்தத்தான் செய்யும்.

அப்போது தமிழ் வைத்திருக்கிற வேறு வழிகளுக்குப் போக வேண்டும். ஒன்று, 'தெரியும்', 'கேக்கும்', 'பிடிக்கும்', 'வேணும்', 'போதும்' என்கிற வகை. 'கீழ பாரு, ஏரி' என்பதை 'கீழ ஏரி தெரியும்' என்று ஆக்கினால் யாருக்கும் ஏவல் போகவில்லை. இன்னொன்று, '-னா' என்று முடிகிற நிபந்தனை. 'முழுங்கினா சரியாயிடும்', 'கொஞ்சம் மேல போனா ஏரி வரும்'. யார் போனால் என்று அது கேட்காது. மூன்றாவது, 'நாம'. 'ஏறுறோம்', 'பார்க்கலாம்', 'போகலாம்' என்று சொல்லும்போது நீங்களும் அவர்களும் ஒரே வேனில் இருக்கிறீர்கள்.

இவற்றை வைத்து எழுதினால் பெரியவர்களுக்கான தொடக்கம் இப்படி வரும்:

"அடிவாரத்துல பஸ் ஏறுறீங்க. ஜன்னல் ஓரமா உக்காந்துக்கங்க. பாதி வளைவு தாண்டினதும் காது அடைக்கும், எச்சில் முழுங்கினா சரியாயிடும். அப்போ கீழ பாத்தா, சேலம் டவுனே தீப்பெட்டி அடுக்கி வெச்ச மாதிரி தெரியுங்க."

ஆறு இடத்தில் இரண்டு மட்டும் மிச்சம், 'ஏறுறீங்க', 'உக்காந்துக்கங்க'. 'உக்காருங்க' என்பதை 'உக்காந்துக்கங்க' ஆக்கியதையும் கவனியுங்கள். '-க்கங்க' சேர்ந்தால் அது அவருடைய வசதிக்காகச் சொன்னது என்று ஆகிவிடுகிறது.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ஆளை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. முழுக்க 'தெரியும்', 'வரும்', 'போனா' என்று சொன்னால் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். கேட்கிறவர் கதைக்குள் வரவே மாட்டார். நடந்து போகிற இடங்களில் ஆளை எடுத்துவிடுங்கள். கதை உச்சத்துக்கு வருகிற இடத்தில் நேராக 'நீங்க' என்று சொல்லுங்கள். "இப்போ நீங்க அந்தப் பாறை விளிம்புல நிக்கிறீங்க" என்று ஒரு இடத்தில் சொன்னால் போதும், எழுபது வயதுக்காரரும் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

'நாம' பற்றி ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் இது 'நாங்க' ஆகிவிடும். "நாங்க இப்போ ஏரிக்குப் போறோம்" என்று நீங்கள் வேனில் சொன்னால், வேனில் இருப்பவர்களை இறக்கிவிட்டுப் போகிறீர்கள் என்று பொருள். 'நாங்க' கேட்கிறவரை வெளியே நிறுத்தும், 'நாம' உள்ளே சேர்க்கும். வெளியூர்க்காரர்களிடமும் 'நம்ம ஏற்காடு' என்றே சொல்லுங்கள், 'எங்க ஏற்காடு' வேண்டாம்.

வாலில் ஒட்டுகிற 'ங்க'

மேலே 'தெரியுங்க' என்று எழுதினேன். ஊர் தெரிகிறது, ஊருக்கா மரியாதை கொடுத்தேன்? இல்லை, கேட்கிறவருக்கு. நம் பக்கத்துப் பேச்சில் இது பெரிய வசதி. வாக்கியம் யாரைப் பற்றியதாக இருந்தாலும், கடைசியில் ஒரு 'ங்க' ஒட்டினால் அது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் செலுத்துகிற மரியாதை. 'ஆமாங்க', 'இல்லீங்க', 'அதுதானுங்க', 'குரங்கு வந்துச்சுங்க'. முன்னிலைச் சொல் ஒன்றுகூட இல்லாமலேயே முழுக் கதையையும் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

கேள்விகளில் இது இன்னும் உதவும். 'புரியுதா?' என்பதில் ஆள் இல்லை, ஆனால் பெரியவரிடம் கேட்டால் வாத்தியார் மாணவனைக் கேட்பது போல இருக்கிறது. 'புரியுதுங்களா?' என்றால் அந்த முள் போய்விடுகிறது. 'தெரியுமா?' என்பது 'தெரியுங்களா?' ஆகும். 'ங்க' முதலில், கேள்வியின் ஆகாரம் அப்புறம்.

அளவு முக்கியம். மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டினால், கதை சொல்கிறவர் முதலாளி முன்னால் கைகட்டி நிற்கிற மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் மட்டும் உள்ள கூட்டத்தில் இதை முழுக்க எடுத்துவிடுங்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. 'திருடன் வந்தான்' என்பதோடு 'ங்க' சேர்த்தால் 'வந்தானுங்க'. நம் ஊர்க்காரர் காதில் அது 'திருடன் வந்தான், ஐயா' என்று விழும். சென்னையிலிருந்து வந்தவர் காதில் 'அவனுங்க வந்தானுங்க' என்பதில் வருகிற அதே சொல்லாக, பல திருடர்கள் வந்ததாக விழும். ஒருமுறை என் கதையில் ஒரே ஒரு திருடன்தான், முடிவில் ஒருவர் "மத்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார். 'வந்தாளுங்க'வும் அப்படித்தான். ஆண், பெண் கதாபாத்திரம் செய்கிற வினையில் 'ங்க' ஒட்டாதீர்கள். அடுத்த வாக்கியத்தில் அஃறிணை வினை வரும்போது ஒட்டிக்கொள்ளுங்கள். "திருடன் வந்தான். கதவு திறந்தே கிடந்துச்சுங்க." இதில் குழப்பம் இல்லை.

கதைக்குள்ளே இருக்கிற 'நீ'

இதுவரை சொன்னது நீங்கள் கேட்கிறவரோடு பேசுவது பற்றி. கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது தனி. அங்கே பேச்சைக் கேட்கிறவரின் வயதுக்காக மாற்றக் கூடாது. பாட்டி குரங்கை 'நீ' என்றுதான் சொல்வார், எழுபது வயதுக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும். பக்தன் கடவுளை 'நீ' என்பான், அதில் குறைவு ஒன்றும் இல்லை. மனைவி கணவனை எப்படி அழைப்பாள், மகன் அப்பாவை எப்படி அழைப்பான் என்பதைக் கதை நடக்கும் காலத்தையும் வீட்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்க' என்றும் சொல்கிற வீடுகள் நம்மிடம் ஏராளம். முடிவு செய்த பிறகு கடைசிவரை அது மாறக் கூடாது. அரசவைக் கதை என்றால் மட்டும் 'நீர்', 'தாங்கள்' எடுத்துக்கொள்ளலாம். வாய்மொழியில் 'தாங்கள்' கொஞ்சம் தொல்லை பிடித்தது. 'தங்கள் வீட்டுக்குப் போனார்கள்' என்றால் யார் வீட்டுக்கு, உங்கள் வீட்டுக்கா, அவர்கள் வீட்டுக்கா என்று கேட்கிறவர் ஒரு நொடி நின்றுவிடுவார்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கிய புதிதில், ஓய்வு பெற்றவர்கள் கூடுகிற ஓர் இடத்தில் பலாப்பழக் கதை சொன்னேன். மலையில் ஒரு பாட்டி தன் பலாமரத்தைக் காவல் காக்கிறார். குரங்கு பழத்தைத் தின்றுவிடுகிறது. பாட்டி கத்துகிறார்: "உனக்கு அறிவிருக்கா? நான் ஆறு மாசமா காத்துக்கிட்டு இருக்கேன், நீ அஞ்சு நிமிஷத்துல முழுங்கிட்ட!" வசனத்தில் தவறே இல்லை. தவறு என் கண்ணில் இருந்தது. உணர்ச்சியில், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்து, விரலை நீட்டி, அந்த 'உனக்கு'வைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. கதை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஊரார் முன்னால் அவரைப் பார்த்து ஒருவர் 'உனக்கு அறிவிருக்கா' என்றது நடந்துவிட்டது. கதை முடிந்ததும் அவர் எழுந்து போய்விட்டார். போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்றார், ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற விதி: பாத்திரத்தின் 'நீ' வரும்போது கண் ஆளில்லாத இடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். என் குரங்கு வேனின் இடது ஜன்னலின் மேல் மூலையில் உட்கார்ந்திருக்கும். பாட்டி திட்டுவதெல்லாம் அந்த மூலைக்குத்தான். தாளில் வசனத்துக்குப் பக்கத்தில் 'இ.மே.' என்று எழுதி வைத்திருப்பேன். பிள்ளைகள் கூட்டத்தில் இந்த விதியைத் தளர்த்தலாம். அவர்களைப் பார்த்தே திட்டினால் அவர்களே குரங்காகிவிடுவார்கள், அது அவர்களுக்குக் கொண்டாட்டம்.

கண்ணைத் திருப்ப இடமில்லாத நெருக்கமான கூட்டம் என்றால் வசனத்தையே மாற்றலாம். "அறிவிருக்கான்னு கேட்டு, குரங்கைப் புடிச்சுத் திட்டினாங்க பாட்டி." 'உனக்கு' உதிர்ந்துவிட்டது. வேகம் கொஞ்சம் குறையும், யாருக்கும் வலிக்காது.

ஒருவரிடம் கேட்கும்போது என்ன சொல்லி அழைப்பது

வினை சரியாக இருந்தும் விளி தவறினால் எல்லாம் கெடும். தலை நரைத்த ஒரு பெண்மணியை நாற்பது வயதுக்காரர் 'பாட்டி' என்று கூப்பிட்டால், கூட எத்தனை 'ங்க' போட்டாலும் அவர் ரசிக்க மாட்டார். முறை சொல் எப்போதும் சொல்கிறவரின் வயதிலிருந்து கணக்கிடப்படுவது. நாற்பதுக்கு அறுபது 'அம்மா'தான், பல சமயம் 'அக்கா'கூட. குழப்பமாக இருந்தால் ஒரு படி இளமையாகவே கூப்பிடுங்கள். ஆண்களுக்கு 'ஐயா' எங்கும் பொருந்தும், அவ்வளவு வயதாகாதவர்களுக்கு 'அண்ணா'. பாட்டி என்றே சொல்ல வேண்டிய தேவை வந்தால் பேரப்பிள்ளை வழியாகப் போங்கள்: "இந்தப் பாப்பாவோட பாட்டி சொல்லுங்க, பலாப்பழம் எத்தனை மாசத்துல பழுக்கும்?"

எங்கள் வீட்டில் தாத்தாவை 'நீ' என்றுதான் சொல்வோம், அதனால் 'தாத்தா, நீ சொல்லு' என்று எனக்கு இயல்பாக வரும். அது எங்கள் தாத்தாவுக்கு மட்டும். ஊரார் தாத்தாவுக்கு, 'தாத்தா'வோடு 'நீங்க' சேர வேண்டும். முறை சொல் நெருக்கத்தைக் காட்டினாலும், வினை அந்த நெருக்கத்துக்கு அனுமதி வாங்கிக் கொடுப்பதில்லை. 'டா', 'டி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரங்களின் வாயில் மட்டும்.

அடிவாரத்து வேனுக்குத் திரும்புவோம்

எழுபது வயதுப் பெரியவர், அவர் மனைவி, புது ஜோடி, நான்கு பிள்ளைகள். கதையின் தொடக்கத்தை இந்தக் கலப்புக் கூட்டத்துக்கு நான் இப்படி அமைப்பேன்:

"நாம இப்போ அடிவாரத்துல இருந்து ஏறுறோங்க. பாதி வளைவு தாண்டினதும் காது அடைக்கும், எச்சில் முழுங்கினா சரியாயிடும். பசங்களா, கடைசி சீட்டு! எத்தனை வளைவுன்னு எண்ணிக்கிட்டே வாங்க, நான் கேப்பேன். இந்தக் காட்டுலதான் ஒரு பாட்டி இருந்தாங்க..."

பொதுவாகச் சொல்வதற்கு 'நாம'. பெரியவர் பக்கம் ஒரு 'ங்க'. பிள்ளைகளுக்குச் சொல்வது பன்மை 'வாங்க', ஆனால் முன்னால் 'பசங்களா' இருப்பதால் அது யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'எண்ணிக்கிட்டே வாங்க' பெரியவருக்குப் போகாது. 'பசங்களா' இல்லாமல் சொன்னால் அவருக்கும் போயிருக்கும். பாட்டி 'இருந்தாங்க' என்பது, முன் சீட்டில் ஒரு பாட்டி வயதுப் பெண்மணி இருப்பதால். பிள்ளைகள் மட்டும் என்றால் 'இருந்தா' என்றே சொல்லியிருப்பேன்.

பத்தாவது வளைவில் ஒரு பிள்ளையைப் பார்த்து: "கண்ணு, எத்தனை ஆச்சு, சொல்லு?" அடுத்த கேள்வி பெரியவருக்கு: "ஐயா, உங்க காலத்துல இந்த ரோடு எப்படி இருந்துச்சுங்க?" நடுவில் இருக்கிற ஜோடிக்கு நேர்க்கேள்வி எதுவும் வைக்க மாட்டேன், புதிதாகக் கல்யாணமானவர்களை வேன் முன்னால் பேச வைத்தால் கூச்சப்படுவார்கள். அவர்கள் பேச வந்தால் 'நீங்க'. பலாப்பழக் கட்டம் வரும்போது கண் இடது ஜன்னல் மேல் மூலைக்குப் போய்விடும்.

சொல்வதற்கு முன் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். கதையைக் கேட்க வேண்டாம், வால்களை மட்டும் கேளுங்கள். ஒரே மூச்சில் 'நீங்க' என்று தொடங்கி 'உனக்கு' என்று முடிந்த வாக்கியம் எங்கே, 'பாத்தியா' எத்தனை தடவை, 'ங்க' அடுத்தடுத்து மூன்று வாக்கியத்தில் எங்கே விழுந்தது என்று தாளில் கோடு போடுங்கள். முதல் பதிவில் எனக்குப் பதினான்கு கோடு விழுந்தது. மூன்றாவது பதிவில் இரண்டு, இரண்டுமே 'பாத்தியா'. அந்த இரண்டையும் 'பாத்தீங்களா' என்று சத்தமாகப் பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினேன்.